சிங்க் குழாயின் அடியில் கசிவா? ஓ-ரிங் மாற்றுவது பற்றிக் கேள்வி பதில்

திருநகரிலிருந்து: அண்ணே, சமையலறை சிங்க்கில் இருக்கிற வளைந்த மூக்குக் குழாயை இப்படி அப்படித் திருப்பினால் அடியில் தண்ணீர் வழிகிறது. மூடினால் நின்றுவிடுகிறது. குழாயையே மாற்ற வேண்டுமா?

வேண்டாம் தம்பி. மூடியதும் நிற்பதால் குழாயின் அடைப்பான் நன்றாகத்தான் இருக்கிறது. மூக்கு திரும்பும் இடத்தில் உள்ள ஓ-ரிங் என்கிற கறுப்பு ரப்பர் வளையம்தான் தேய்ந்திருக்கிறது.

சிங்க்குக்குப் போகும் வால்வை மூடுங்கள். தனி வால்வு இல்லையென்றால் மாடித் தொட்டியின் கேட் வால்வை மூடிவிட்டு, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். சிங்க் ஓட்டையில் ஒரு துணியை அடைத்துவிடுங்கள். சின்ன சாமான் எதுவும் உள்ளே போகாது. மூக்கின் அடியில் இருக்கிற நட்டைத் துணி சுற்றித் திருகினால் பெரும்பாலும் கையிலேயே கழன்றுவிடும். மூக்கை லேசாகத் திருப்பிக்கொண்டே இழுத்தால் வெளியே வரும். அதன் முனையில் ஒன்றோ இரண்டோ ஓ-ரிங்கும், மூக்கு பிடுங்கிக்கொண்டு வராமல் தடுக்கும் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் வளையமும் இருக்கும். எது மேலே, எது கீழே என்று போனில் ஒரு படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். ஸ்குரூ டிரைவரால் நெம்ப வேண்டாம், ரிங் உட்காரும் பள்ளத்தில் கீறல் விழும். பல்குத்தும் குச்சி போதும்.

மேலூரிலிருந்து: நட்டு மரையில் டெஃப்லான் டேப் சுற்றி இறுக்கினாலே நின்றுவிடுமே? ரிங் எதற்கு?

வேறு மரை ஜாயின்ட்டுக்கு அது சரி. இங்கே அந்த நட்டு மூக்கைப் பிடித்து வைப்பதற்கு மட்டும்தான். தண்ணீரைத் தடுப்பது ரிங். டேப் சுற்றி முறுக்கினால் கசிவு குறைந்த மாதிரி தெரியும், ஆனால் மூக்கு திரும்பாது. பலம் போட்டுத் திருப்பினால் பிளாஸ்டிக் வளையம் உடையும்.

ஆனையூரிலிருந்து: போன மாதம்தான் புது ரிங் போட்டேன். சுலபமாக ஏறட்டும் என்று தேங்காய் எண்ணெயும் தடவினேன். மறுபடியும் அதே கசிவு. ரிங் மட்டமா?

ரிங்கைக் குறை சொல்வதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள் அக்கா. உங்கள் பக்கம் போர் தண்ணீர்தானே? மூக்கு நுழைகிற துளைக்குள் விரலை விட்டுத் தடவுங்கள். சொரசொரப்பாக இருந்தால் அது உப்புப் படிவு. மூக்கைத் திருப்பும்போதெல்லாம் அது புது ரப்பரை உப்புத்தாள் மாதிரி அராவுகிறது. வினிகரில் நனைத்த துணியைத் துளைக்குள் கால் மணி நேரம் வைத்துத் தேய்த்து எடுங்கள். விரலுக்கு வழவழப்பாகப்படும் வரை இன்னொரு முறை செய்யலாம். வெளிப்பக்க முலாமில் வினிகர் தங்க விடாதீர்கள், மங்கிவிடும்.

அடுத்தது எண்ணெய். தேங்காய் எண்ணெயும் வாசலினும் சில வகை ரப்பரை ஊதவைத்து மென்மையாக்கிவிடும். சிலிக்கான் கிரீஸ் வாங்கி, ரிங் பளபளக்கும் அளவுக்கு மட்டும் தடவுங்கள்.

மூன்றாவது தடிமன். பழைய ரிங் நசுங்கித் தட்டையாகியிருக்கும், அதை மட்டும் காட்டி வாங்கினால் மெல்லியதுதான் கிடைக்கும். மூக்கையே கடைக்கு எடுத்துப் போங்கள். புது ரிங் பள்ளத்தில் உட்கார்ந்த பிறகு சுற்றிலும் கொஞ்சம் மேலே தெரிய வேண்டும். பள்ளத்தோடு சமமாக இருந்தால் கசியும். ரொம்பத் துருத்தினால் நுழைக்கும்போதே வெட்டுப்படும்.

உசிலம்பட்டியிலிருந்து: எங்கள் குழாயிலும் ராத்திரி முழுக்கச் சொட்டுகிறது. ரிங் மாற்றினால் நிற்குமா?

மூக்கு நுனியில் சொட்டுகிறதா, அடியிலா? குழாயை மூடிய பிறகு நுனியில் சொட்டினால் கோளாறு கைப்பிடிக்குக் கீழே இருக்கிற வாஷரில் அல்லது ஸ்பிண்டிலில். ஓ-ரிங்கால் அதை நிறுத்த முடியாது.

ஆனையூரிலிருந்து மறுபடியும்: வினிகர் வைத்தேன், கிரீஸ் போட்டேன், ரிங்கும் சரியான அளவு. முழுசாகத் திறந்தால் மட்டும் ஒரு சொட்டு வருகிறது.

அப்படியானால் நுனியில் இருக்கிற சல்லடையைக் கழற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். சொட்டு நின்றுபோனால் காரணம் அந்த அடைப்புதான். தண்ணீர் வெளியேற வழி இல்லாமல் மூக்குக்குள் அழுத்தம் ஏறி, ரிங் வழியாகப் பிதுங்குகிறது. சல்லடையை வினிகரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேயுங்கள். போர் தண்ணீர் வீடுகளில் இதை அவ்வப்போது செய்தால் புது ரிங் கூடுதல் காலம் உழைக்கும்.

விளாங்குடியிலிருந்து: எங்களுடையது பழைய பித்தளைக் குழாய். ரிங் உட்காரும் பள்ளத்தில் பச்சைக் களிம்பு, குழி குழியாக அரித்திருக்கிறது. கொஞ்சம் தடித்த ரிங் போட்டால் தாங்குமா?

களிம்பைச் சுரண்டி எடுத்த பிறகு நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் குழியில் மாட்டினால் தடித்த ரிங் போட்டாலும் தண்ணீர் அந்தக் குழி வழியாகவே வரப் பார்க்கும். சிலருக்குச் சில மாதம் தாங்கியிருக்கிறது, சிலருக்கு அன்றைக்கே கசிந்திருக்கிறது. ரிங் விலை குறைவுதான் என்பதால் ஒருமுறை போட்டுப் பாருங்கள் ஐயா. நிற்காவிட்டால், அதே அளவு மூக்கு மட்டும் தனியாகக் கிடைக்கிறதா என்று கடையில் கேளுங்கள். ஆனால் அரிப்பு குழாய் உடம்பின் துளையிலும் இருந்தால் குழாயையே மாற்ற வேண்டியதுதான்.