லாக்புக்கில் மேற்பார்வை அளவை ஒரே மாதிரி பதியவைப்பது எப்படி?

கேள்வி: டர்பனில் நான்காம் ஆண்டு மருத்துவ மாணவர்களுக்கு வார்டில் பயிற்சி தருகிறேன். லாக்புக்கில் ஒருவர் "உதவினேன்" என்கிறார், அதே வேலைக்கு இன்னொருவர் "செய்தேன்" என்கிறார். அனுபவக் குறிப்பு என்று விட்ட இடத்தில் எல்லோரும் "நல்ல அனுபவம்" என்றே எழுதுகிறார்கள். படிவத்தை எப்படி மாற்றலாம்?

பதில்: "மேற்பார்வை அளவு" என்ற ஒரே கட்டத்தில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. வேலையைச் செய்தது யார் கை, மேற்பார்வையாளர் எங்கே நின்றார் என்பவை அவை. இவற்றை இரண்டு கட்டங்களாகப் பிரித்தாலே குழப்பத்தின் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

"கை" கட்டத்தில் நான்கு எண்கள் போதும். 1 என்றால் பார்த்தது மட்டும். 2 என்றால் ஒரு பகுதியைச் செய்தது. 3 என்றால் மாணவரே செய்து முடித்தார், ஆனால் நடுவில் மேற்பார்வையாளர் தொட்டோ சொல்லியோ திருத்தினார். 4 என்றால் எந்தத் திருத்தமும் இல்லாமல் மாணவரே முடித்தார். "இடம்" கட்டத்தில் அ என்றால் கட்டில் அருகில், ஆ என்றால் அதே வார்டில், இ என்றால் வார்டுக்கு வெளியே. மாணவர் தனியாக விடப்படக் கூடாதவர் என்பதால் இ சாதனைக் கணக்கில் சேராது. அது வந்தால் பயிற்சிப் பொறுப்பாளருக்கு அன்றே தெரிய வேண்டும். இந்த விளக்கத்தை முகப்பில் மட்டும் போடாமல் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அச்சிடுங்கள். இரவுப் பணியில் யாரும் பக்கத்தைப் புரட்டித் தேடமாட்டார்கள்.

எண்ணையும் எழுத்தையும் வட்டமிட வேண்டியது மேற்பார்வையாளர். தேதி, வார்டு, நோயாளியின் வயது, செயல்முறை, குத்திய தடவை ஆகியவற்றை மாணவர் நிரப்பலாம். நோயாளி ஸ்டிக்கரை ஒட்டும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். பெயரும் கோப்பு எண்ணும் உள்ள புத்தகம் மினிபஸ் டாக்ஸியில் தொலைந்தால் அது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போபியாவின் கீழ் வரும் பிரச்சினை.

ஒரு நோயாளிக்கு ஒரு செயல்முறை என்றால் ஒரு வரி. தோல்வியும் ஒரு வரிதான். வெற்றி மட்டுமே எண்ணிக்கையில் சேரும் என்று வைத்தால் தோல்விகள் புத்தகத்துக்கே வராது. அவை வராவிட்டால் அனுபவக் குறிப்பில் எழுதவும் விஷயம் இருக்காது.

ஒரு லம்பார் பங்ச்சரைப் பாருங்கள். எச்.ஐ.வி. உள்ள, கடும் தலைவலியோடு வந்த 34 வயது ஆண். கிரிப்டோகாக்கல் மூளையுறை அழற்சி என்று சந்தேகம். மாணவி அவரை உட்காரவைத்து இரண்டு முறை குத்தினார், இரண்டு முறையும் எலும்பு தட்டியது. கட்டில் அருகிலேயே நின்ற ரெஜிஸ்ட்ரார் முதுகை நேராக்கினார், ஊசியின் கோணத்தைச் சொன்னார். மூன்றாம் முறை மாணவி கையிலேயே திரவம் வந்தது. பழைய படிவத்தில் இது "செய்தேன், மேற்பார்வையுடன்" என்று போயிருக்கும். புதிய படிவத்தில் இது 3 அ, குத்து 3.

அனுபவக் குறிப்பை எல்லா வரிக்கும் கேட்காதீர்கள். முதல் தடவை செய்தது, முடியாமல் போனது, 3 வாங்கியது ஆகிய மூன்றுக்கு மட்டும் கட்டாயமாக்குங்கள். "என்ன கற்றீர்கள்?" என்று கேட்டால் "பொறுமை" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: எந்தப் படியில் தடங்கியது? காரணம் என்ன என்று நினைக்கிறீர்கள்? அடுத்த தடவை அந்தப் படிக்கு முன் என்ன செய்வீர்கள்? ஐந்து வரிக்கு மேல் இடம் விடாதீர்கள்.

மேற்சொன்ன மாணவி எழுதக்கூடியது: "ஊசி எலும்பில் தட்டியது. இடுப்பு ஒரு பக்கம் திரும்பியிருந்ததைக் கவனிக்கவில்லை. உட்காரவைத்ததால் திரவ அழுத்தத்தையும் சரியாக அளக்க முடியவில்லை, இந்த நோயில் அது தேவை. அடுத்த தடவை பக்கவாட்டில் படுக்கவைப்பேன், இரு இடுப்பெலும்பும் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்த பிறகே தோலைத் துடைப்பேன்." இதற்கு மதிப்பெண் போட வேண்டாம். மதிப்பெண் வந்தால் எழுத்து அழகாகும், உண்மை குறையும்.

கையெழுத்துக்குப் பக்கத்தில் கையெழுத்திட்ட தேதிக்குத் தனிக் கட்டம் வையுங்கள். பயிற்சியின் கடைசி நாளில் ஒரே பேனாவில் நாற்பது வரிக்குக் கையெழுத்து வாங்குவது எங்கும் நடக்கிறது. செய்த தேதியும் கையெழுத்துத் தேதியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அது உடனே கண்ணில் படும். 48 மணி நேரத்துக்குப் பிறகு வாங்கிய கையெழுத்து எண்ணிக்கையில் சேராது என்று விதி வைத்துவிடலாம். ஆனால் இன்டர்ன்களும் கையெழுத்திடலாமா என்பதை முன்பே முடிவுசெய்து அச்சிடுங்கள், இல்லையென்றால் மாணவர்கள் தாராளமாக வட்டமிடும் ஆளைத் தேடிப் போவார்கள்.

அச்சுக்கு அனுப்பும் முன், மேலே உள்ளது போல ஆறு சிறு சம்பவங்களை எழுதி நான்கு ரெஜிஸ்ட்ரார்களிடம் தனித்தனியாகக் கொடுங்கள். ஒரே சம்பவத்துக்கு இருவர் 2 என்றும் இருவர் 3 என்றும் போட்டால் ரெஜிஸ்ட்ராரைத் திருத்தாதீர்கள், விளக்க வாக்கியத்தைத் திருத்துங்கள். பெரும்பாலும் தகராறு 3க்கும் 4க்கும் நடுவில்தான் வரும். "நல்லா வருது, போ" என்று தைரியம் சொன்னது திருத்தமா? இல்லை, அது 4தான். "இன்னும் கொஞ்சம் மேலே" என்று சொன்னால் 3. இந்த இரண்டு உதாரணங்களையும் பக்கத்தின் அடியில் அப்படியே போடுங்கள்.