ஜூமில் 60 பேரை எப்படிப் பிரித்து உட்கார வைப்பது?

கேள்வி: "அடுத்த மாதம் 60 பேருக்கு ஜூமில் இரண்டு மணி நேரப் பயிற்சிப் பட்டறை நடத்துகிறேன். நடுவில் பிரேக்அவுட் ரூம்களில் பேச வைக்க வேண்டும். எத்தனை அறை போடலாம், உதவிக்கு வரும் மூன்று பேருக்கு என்ன வேலை கொடுப்பது, நேரம் கைமீறிப் போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?"

பத்து அறை, அறைக்கு ஆறு பேர். இதிலிருந்து தொடங்குங்கள்.

மாலை நேர வகுப்பு எடுக்கும் தன்னார்வலர்களுக்கு நாங்கள் மாதம் ஒருமுறை இப்படிப் பட்டறை நடத்துகிறோம். பதிவு செய்தவர்கள் 60 பேர் என்றால் அறை திறக்கும் நேரத்தில் ஐம்பது சொச்சம் பேர்தான் இருப்பார்கள். அதிலும் சிலருக்கு நடுவில் இணைப்பு அறுந்துபோகும். நாலு நாலு பேராகப் பிரித்தால் சில அறைகளில் இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆறு பேராகப் போட்டால் இரண்டு பேர் விழுந்தாலும் நாலு பேர் மிஞ்சுவார்கள், பேச்சு நடக்கும். எட்டு பேரானால் கூச்ச சுபாவம் உள்ளவர்கள் வாயே திறக்க மாட்டார்கள்.

நேரத்தைத் தலைக்கணக்கில் போடுங்கள். "20 நிமிடம் கொடுக்கலாம்" என்று மொத்தமாக முடிவு செய்யக் கூடாது. ஒருவருக்கு ஒன்றரை நிமிடம் என்றால் ஆறு பேருக்கு 9 நிமிடம். உள்ளே போய் மைக்கைத் திறந்து, "கேக்குதா, கேக்குதா" என்று விசாரித்து முடிக்க 2 நிமிடம். எல்லோரும் சொன்னதைச் சேர்த்துப் பேச 5, எழுத 2. ஆக 18 நிமிடம். அவ்வளவு நேரம் கையில் இல்லையென்றால் கேள்வியைச் சின்னதாக்குங்கள். ஒன்றரை நிமிடத்தில் கை வைத்தால் கடைசி இரண்டு பேருக்கு வாய்ப்பே வராது. அந்த இரண்டு பேர் பெரும்பாலும் புதிதாக வந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

அடுத்தது, யார் எந்த அறை. ஜூமில் Assign automatically என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரு சொடுக்கில் 60 பேரையும் பிரித்துவிடும். முதல் தடவை நான் அதைத்தான் செய்தேன். ஓர் அறையில் ஆறு பேரும் கைபேசியில் வந்திருந்தார்கள். பகிர்ந்த கூகுள் ஆவணத்தில் எழுத வேண்டியவர் ஜூமை விட்டு வெளியே போய் ஆவணத்தைத் திறக்க, அவருடைய வீடியோ நின்றுவிட்டது. மற்றவர்கள் அவர் போய்விட்டார் என்று நினைத்துப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கடைசியில் ஆவணத்தில் அந்த அறைக்கு ஒதுக்கிய கட்டம் காலியாகவே இருந்தது.

அதற்கப்புறம் பதிவுப் படிவத்திலேயே "மடிக்கணினியா, கைபேசியா?" என்று ஒரு கேள்வி சேர்த்துவிட்டோம். போன தடவை மடிக்கணினிக்காரர்கள் 14 பேர்தான். அவர்களில் பத்து பேரை முதலில் அறைக்கு ஒருவராக வைத்துவிட்டு, மீதிப் பேரை அவர்களைச் சுற்றி நிரப்பினேன். அந்த ஒருவர்தான் எழுதுபவர். அவரிடம் முதல் நாளே வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுவேன். இன்னொருவர் நேரம் பார்ப்பவர். அவருக்குக் கைபேசி போதும், ஒன்றரை நிமிடம் ஆனதும் "அடுத்தவர்" என்று சொல்ல வேண்டியதுதான் வேலை. தலைவர் என்று யாரையும் வைப்பதில்லை. வைத்தால் அவரே பாதி நேரம் பேசிவிடுகிறார். யார் முதலில் பேசுவது என்ற தயக்கம் வராமல் இருக்க, திரையில் பெயர் அகர வரிசையில் முதலில் வருபவர் தொடங்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுகிறோம்.

முன்கூட்டியே மின்னஞ்சல் பட்டியலைக் கொடுத்து அறைகளை ஒதுக்கும் வசதியும் உண்டு. ஆனால் அதே மின்னஞ்சலில் ஜூம் கணக்கு வைத்து, அதில் உள்நுழைந்து வருபவர்களுக்குத்தான் அது வேலை செய்யும். இணைப்பைத் தட்டி அப்படியே உள்ளே வருபவர்களை ஜூமால் அடையாளம் காண முடியாது. எங்கள் ஆட்களில் பெரும்பாலோர் அப்படித்தான் வருகிறார்கள். அதனால் பெயருக்கு முன்னால் அறை எண்ணைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறோம்: "03 கவிதா", "07 செல்வம்" என்று. போடத் தெரியாதவர்களுக்கு நாங்களே மாற்றிவிடுவோம். நீங்கள் தொடக்க உரை பேசும் 20 நிமிடத்தில் உங்கள் உதவியாளர் எண்ணைப் பார்த்து ஒவ்வொருவராக அறையில் போட்டுவிடலாம்.

இப்போது உங்கள் மூன்று பேருக்கு வருவோம். ஒருவர் ஜூமை இயக்குபவர், ஹோஸ்ட் அதிகாரம் அவர் கையில்தான் இருக்க வேண்டும். மற்ற இருவரும் அறைகளைச் சுற்றி வருபவர்கள், ஆளுக்கு ஐந்து அறை. நீங்கள் உட்பட மீதி மூன்று பேரையும் இணை ஹோஸ்ட் ஆக்கிவிடச் சொல்லுங்கள். அப்போதுதான் அறைக்கு அறை தாங்களே போய்வர முடியும். இயக்குபவரின் இணையம் போனாலும் வேறொருவர் கையில் கட்டுப்பாடு இருக்கும்.

இயக்குபவர் எக்காரணம் கொண்டும் பிரதான அறையை விட்டு நகரக் கூடாது. ஒருமுறை நாலாம் அறையிலிருந்து யாரோ Ask for Help அழுத்த, நானே எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் பிரதான அறையில் ஏழு பேர். இணைப்பு அறுந்து மறுபடி வந்தவர்கள், தாமதமாக வந்தவர்கள், அறைக்குள் போக வந்த அழைப்பைக் கவனிக்காமல் விட்டவர்கள். பட்டறை முடிந்துவிட்டதோ என்று அவர்களில் ஒரு அம்மா கேட்டது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. இப்போது உதவிக் கேள்வி வந்தால் இயக்குபவர் எங்கள் நாலு பேர் வாட்ஸ்அப் குழுவில் "4" என்று மட்டும் போடுவார். அந்தப் பக்கம் சுற்றுபவர் போய்ப் பார்ப்பார். தாமதமாக வருபவர்களை முதல் ஐந்து நிமிடம் வரை ஆள் குறைவான அறைக்கு அனுப்பலாம். அதற்கு மேல் அனுப்பினால் நடந்துகொண்டிருக்கும் சுற்று கலைந்துவிடும். அவர்களை பிரதான அறையிலேயே வைத்து இயக்குபவரே அதே கேள்வியைக் கேட்டுப் பேச வைக்கட்டும்.

சுற்றி வருபவர் கேமராவை அணைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். அரை நிமிடம் கேட்டாலே நிலைமை புரிந்துவிடும். எல்லோர் மைக்கும் மூடியிருந்தால் கேள்வி விளங்கவில்லை என்று அர்த்தம். கேள்வியை ஒருமுறை படித்துவிட்டு, ஒருவர் பெயரைச் சொல்லி "நீங்க தொடங்குங்க" என்று சொன்னால் போதும். ஒரே குரல் ஓடிக்கொண்டிருந்தால் பேசுபவரைத் தடுக்க வேண்டாம், "நேரம் பார்க்கிறவர் யாரு?" என்று கேளுங்கள். அவரே அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார். பேச்சு நன்றாக நடந்தால் ஒன்றுமே சொல்லாமல் வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே போனோமே என்று இரண்டு வார்த்தை பேசினால், அதன் பிறகு எல்லோரும் உங்களைப் பார்த்தே பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

கேள்வியை அறை திறப்பதற்கு முன்பே ஆளுக்கு ஆள் கையில் கொடுத்துவிடுங்கள். பிரதான அறையின் சாட்டில் போட்டதை உள்ளே போனபின் பார்த்துக்கொள்ளலாம் என்று நம்பி இருக்காதீர்கள். திரையில் காட்டிய ஸ்லைடும் அங்கே வராது. நாங்கள் "நோட்டை எடுங்க" என்று சொல்லி, கேள்வியைக் கையால் எழுத வைக்கிறோம். ஒரு நிமிடம்தான் ஆகும். போன மாதக் கேள்வி: "போன வாரம் ஒரு குழந்தை வகுப்பில் எந்த இடத்தில் திணறியது? அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்?" எழுதி முடித்ததும் யாராவது ஒருவரைத் திரும்பப் படிக்கச் சொல்வேன். அவர் தடுமாறினால் கேள்வியை அங்கேயே திருத்திவிடுவேன், அதற்கப்புறம்தான் அறையைத் திறப்பது.

நேர அறிவிப்புக்கு ஜூமின் Broadcast போதும். ஆனால் திரையின் மேலே கொஞ்ச நேரம் வந்துவிட்டு மறைந்துவிடும், கவனிக்காதவர்கள் உண்டு. அதனால்தான் அறைக்குள்ளும் நேரம் பார்ப்பவர் வேண்டும். "இன்னும் ஐந்து நிமிடம்" என்று அனுப்பாதீர்கள், தாமதமாகப் பார்ப்பவருக்கு அது தப்புக் கணக்கு. கடிகார நேரத்தைப் போடுங்கள். 11:00 மணிக்குத் திறந்தால் நாங்கள் அனுப்புவது மூன்றே செய்திதான். 11:02க்கு "முதல் நபர் இப்போது பேசலாம்." 11:11க்கு "சுற்று முடியும் நேரம். பொதுவாக வந்தது எது என்று பேசுங்கள்." 11:16க்கு "எழுதத் தொடங்குங்கள். 11:18க்கு மூடுகிறோம்." இந்த மூன்றையும் முதலிலேயே தட்டச்சு செய்து வைத்துக்கொண்டு நேரத்துக்கு ஒட்டிவிடலாம்.

மூடும் பொத்தானை அழுத்தியபின் 60 விநாடி எண்ணிக்கை ஓடும்படி அமைப்பில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரியை எழுதி முடிக்க அது உதவும். குறித்த நிமிடத்தில் தானாக மூடும் வசதியை மட்டும் அணைத்துவிடுங்கள். கூடுதல் நேரம் வேண்டுமா என்பதை 14ஆவது நிமிடத்தில் சுற்றுபவர்கள் இருவரும் வாட்ஸ்அப்பில் சொல்வார்கள். பாதிக்கு மேல் அறைகளில் சுற்று முடியவில்லை என்றால் எல்லோருக்கும் 3 நிமிடம் கூட்டுவோம், அதையும் கடிகார நேரமாகவே அறிவிப்போம். இரண்டாம் தடவை கூட்டுவதில்லை.

அறைகள் நடக்கும்போது உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கூகுள் ஆவணத்தில் பத்துக் கட்டம் போட்டு வைத்திருப்பீர்கள் அல்லவா? கடைசி நிமிடங்களில் அவை நிரம்புவதைப் படித்துக்கொண்டே இருங்கள். பத்து அறையையும் பேச விட்டால் ஆளுக்கு 2 நிமிடம் என்றாலும், மைக் மாறும் நேரத்தோடு 25 நிமிடம் போய்விடும். நாலாவது அறையிலிருந்து "அவங்க சொன்னதேதான்" என்பது தொடங்கிவிடும். ஒன்றுக்கொன்று வேறுபட்ட மூன்று கட்டங்களைத் தேர்ந்து அந்த அறைகளை மட்டும் பேசச் சொல்லுங்கள். மற்ற ஏழு அறைக்காரர்கள் தங்கள் முக்கியமான வரியைச் சாட்டில் தட்டி வைத்துக்கொண்டு, நீங்கள் "இப்போ" என்றதும் ஒரே நேரத்தில் அனுப்பட்டும். அதில் இரண்டை எடுத்து வாசித்துப் பதில் சொல்லுங்கள்.

இரண்டாவது சுற்று வைப்பதானால் அதே அறைகளுக்கே அனுப்புங்கள். ஏற்கெனவே பழகிய முகங்கள் என்பதால் முதல் 2 நிமிடம் மிச்சமாகும். உங்கள் இயக்குபவரிடம் Recreate பொத்தானைத் தொட வேண்டாம் என்று மறக்காமல் சொல்லிவிடுங்கள். அதை அழுத்தினால் உட்கார்ந்து ஒதுக்கிய பட்டியல் முழுக்கக் கலைந்துவிடும்.