கல்யாணக் கண்காட்சியில் சின்ன பூத்: கேள்வி பதில்

மருதாணி, ஒப்பனை செய்பவர், சுங்கை சிப்புட்: அக்கா, நம் ஊர் மண்டபத்தில் நடக்கிற கல்யாணக் கண்காட்சியில் முதல் தடவை பூத் எடுக்கிறேன். கையில் 1,200 வெள்ளி. வாடகையே 600. மிச்சத்தை எதில் போடுவது?

எத்தனை கல்யாணம் கிடைத்தால் போட்ட காசு திரும்பும் என்று முதலில் பாருங்கள் தங்கச்சி. ஒரு மணப்பெண்ணுக்கு 900 வெள்ளி வாங்குகிறீர்கள், பொருள், உதவிப் பெண், பெட்ரோல் போக 450 நிற்கிறது என்று வைப்போம். அப்படியானால் மூன்று கல்யாணம் வேண்டும். அது கண்காட்சியிலேயே முடிய வேண்டியதில்லை, அடுத்த இரண்டு மாதத்தில் முடிந்தால் போதும். விசாரித்தவர்களில் பத்துக்கு ஒருவர்தான் புக் செய்வார் என்று எடுத்துக்கொண்டால், உங்களுக்கு வேண்டியது விசாரித்தவர் விவரம் எழுதிய முப்பது நல்ல சீட்டு. முந்நூறு போன் எண்கள் தேவையில்லை.

மிச்ச 600-இல் இரண்டு நாளைக்கு ஓர் உதவிப் பெண்ணுக்கு 200 ஒதுக்குங்கள். நிற்கிற பன்டிங் ஒன்றுக்கு 120, நல்ல வெள்ளை விளக்கு இரண்டுக்கு 80, சீட்டு அச்சடிக்க 50. பாக்கி 150 கண்காட்சி முடிந்த பிறகு வீடு வீடாகப் போய்ப் பேசும் பெட்ரோலுக்கு. பூ அலங்காரப் பின்னணி வேண்டாம். மண்டபத்து டியூப் லைட்டில் எந்த ஒப்பனையும் சாம்பல் பூத்த மாதிரி தெரியும், அதனால்தான் விளக்குக்குக் காசு. பிளக் வாடகைக்குள் சேர்ந்ததா, தனிக் காசா என்று முன்பணம் கட்டும் முன்பே கேளுங்கள். உங்களையும் சேர்த்து எத்தனை ஒப்பனை பூத் என்றும் கேளுங்கள்.

உதவிப் பெண் ஏன் என்றால், பூத்தில் முழு ஒப்பனை போட நேரம் இருக்காது. கையில் சின்ன மருதாணி போடுங்கள். அந்த ஐந்து நிமிடம் அவர் நகர முடியாது, பேசித்தான் ஆக வேண்டும். ஆனால் கை ஈரமாக இருக்கும்போது அவரால் எழுத முடியாது, நீங்களும் எழுத முடியாது. பக்கத்தில் ஒருவர் கேட்டுக் கேட்டு எழுத வேண்டும்.

சீட்டில் பெயர், எண், கல்யாணத் தேதி, மண்டபம், ரெஜிஸ்டர் ஆயிற்றா, பெண்ணின் சொந்த எண். இவ்வளவு போதும். ரெஜிஸ்டர் முடித்த ஜோடி பெரும்பாலும் தேதியும் முடிவு செய்திருக்கும். பெண்ணின் எண்ணைத் தனியாகக் கேட்பது இன்னொரு காரணத்துக்காக. நம் ஊர்க் கண்காட்சிக்கு வருவது அம்மாவும் அத்தையும். பெண் ஜொகூரிலோ சிங்கப்பூரிலோ வேலையில் இருப்பாள், முகத்துக்கு யார் என்பதை அவள்தான் முடிவு செய்வாள். அம்மாவின் எண்ணை மட்டும் வாங்கினால் "மகளிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்பதோடு நின்றுவிடும். தேதி வரியை மட்டும் காலியாக விடாதீர்கள். முடிவாகவில்லை என்றால் "தையா, வைகாசியா" என்று மாதமாவது கேட்டு எழுதுங்கள்.

பலகாரம் செய்பவர், லிந்தாங்: லக்கி டிரா பெட்டி வைத்தால் எண்கள் குவியுமே?

குவியும். பரிசுக்காக எழுதிப் போட்ட எண்கள்தான் குவியும். அதில் கல்யாண வீடு எது என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்று, தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 என்று ஒன்று இருக்கிறது. எதற்காக எண் வாங்குகிறோம் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் சீட்டில் எழுதி, சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். பரிசுக்கென்று வாங்கிய எண்ணுக்கு விளம்பரம் அனுப்புவது சரியில்லை.

மணவறை அலங்காரம், குவாலா கங்சார்: அக்கா சொல்வது பாதிதான். நான் தேதியே கேட்பதில்லை. 200 வெள்ளி டெபாசிட், இன்று மட்டும் விலை குறைவு. காசு கொடுத்தவன் ஓட மாட்டான்.

காசு கொடுத்தவர் சுலபத்தில் மாற மாட்டார் என்பது உண்மைதான் அண்ணே. தேதி இல்லாமல் வாங்குவதில்தான் ஆபத்து. ஆடி, மார்கழியில் நம் வீடுகளில் கல்யாணம் வைப்பதில்லை. மற்ற மாதங்களிலும் விடுமுறை நாளும் முகூர்த்தமும் சேர்ந்து வருவது சில நாட்கள்தான். உங்களிடம் டெபாசிட் கொடுத்த பத்துக் குடும்பத்தில் மூன்று குடும்பம் ஒரே ஞாயிறைச் சொன்னால் என்ன செய்வீர்கள்? மணவறை ஒன்றுதானே?

புகைப்படக்காரர், ஈப்போ: இரண்டாவது குழுவை அனுப்பலாமே. நான் அப்படித்தான் செய்கிறேன்.

படம் எடுக்க அது நடக்கும் தம்பி, வீட்டாரிடம் முன்பே சொல்லியிருந்தால். ஒப்பனைக்கு நடக்காது. பெண் உங்கள் கையைப் பார்த்துத்தான் காசு கொடுத்தாள்.

மணவறை அலங்காரம், குவாலா கங்சார்: நானும் பக்கத்து ஊர்க்காரரிடம் மணவறை வாடகைக்கு எடுப்பேன். இதுவரை யாரும் சண்டைக்கு வரவில்லை.

அப்படிக் கிடைத்தால் சரி. ஆனால் அதே ஞாயிறு அவருக்கும் வேலை இருக்கும். நான் சொல்வது இதுதான்: தேதி முடிவாகாத வீட்டில் 50 அல்லது 100 வாங்குங்கள். ரசீதில் எழுதுங்கள், "விலை இந்த நாள் வரை செல்லும், தேதி உறுதியில்லை, கேட்கும் தேதி காலியில்லை என்றால் முழுப் பணமும் திரும்பும்." தேதி முடிவான வீட்டுக்கு வேறு ரசீது, முழு டெபாசிட், வீட்டுக்காரர் பின்வாங்கினால் எவ்வளவு திரும்பும் என்பதும் அதிலேயே. நீங்கள் 200-ஐ விட மாட்டீர்கள் என்று தெரிகிறது. அந்த ஒரு வரியையாவது ரசீதில் சேருங்கள்.

புகைப்படக்காரர், ஈப்போ: முழுசாகத் திரும்பும் என்று எழுதினால் எல்லாரும் திருப்பிக் கேட்பார்களே?

தேதி காலியில்லை என்றால் மட்டும்தான் திரும்பும். மனம் மாறினால் இல்லை. இரண்டையும் தனித்தனி வரியாக எழுதுங்கள்.

இன்னொன்று, டூயிட்நவ் கியூஆரில் கட்டினால் அவர்கள் காட்டும் திரையை நம்பாதீர்கள். உங்கள் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்து ரசீது எழுதுங்கள். கூட்டத்தில் இணையம் மெதுவாக இருக்கும், அவசரப்படுத்துவார்கள். நில்லுங்கள்.

அம்மா ஒருவர், சுங்கை சிப்புட்: மகளுக்கு வைகாசியில் கல்யாணம். நல்ல மண்டபம் சொல்லுங்கள் அக்கா.

மண்டபம் எனக்குச் சொல்லத் தெரியாது அம்மா. கண்காட்சிக்கு வாருங்கள், பெண்ணையும் கூட்டி வாருங்கள்.

கேட்டரிங், தாப்பா: சாம்பிள் சாப்பாடு கொடுக்கலாமா? அப்புறம், லக்கி டிரா வைத்தால்?

லக்கி டிராவுக்கு மேலே பதில் இருக்கிறது. சாப்பாட்டுக்கு ஏற்பாட்டாளரின் அனுமதி வேண்டும். பரிமாறுகிறவர்கள் டைஃபாய்டு ஊசியும் உணவு கையாளும் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். ஒரே ஒரு பதார்த்தம், சின்னக் கிண்ணத்தில், தேதி சொன்னவர்களுக்கு மட்டும். எல்லாருக்கும் கொடுத்தால் காலை பதினொன்றுக்கே தீர்ந்துவிடும், கல்யாண வீட்டார் மதியம்தான் வருவார்கள்.

புதிய கடை, பீடோர்: லக்கி டிரா?

வேண்டாம்.

மருதாணி, ஒப்பனை செய்பவர், சுங்கை சிப்புட்: சீட்டு எல்லாம் வாங்கியாயிற்று. எப்போது கூப்பிடுவது?

அன்றிரவே சீட்டைப் பிரியுங்கள். தேதியும் மண்டபமும் இருப்பது ஒரு கட்டு, மாதம் மட்டும் இருப்பது இன்னொன்று, இரண்டும் இல்லாதது மூன்றாவது. முதல் கட்டுக்கு மறுநாள் மாலை, வேலை முடிந்து வரும் நேரத்தில், பெண்ணின் எண்ணுக்கு வாட்ஸ்அப் அனுப்புங்கள். அவள் அம்மாவின் கையில் போட்ட மருதாணியைப் படம் எடுத்து வைத்திருந்தால் அதையே அனுப்புங்கள், யார் என்று உடனே தெரியும். கூடவே "உங்கள் தேதி இன்னும் காலியாக இருக்கிறது, வெள்ளிக்கிழமை வரை பிடித்து வைக்கிறேன்" என்று ஒரு வரி. வெள்ளிக்கிழமை பதில் இல்லையென்றால் ஒரு தடவை போன் செய்யுங்கள், அப்புறம் தேதியை விட்டுவிடுங்கள். இரண்டாம் கட்டுக்கு அடுத்த வாரம். மூன்றாம் கட்டுக்காகப் பெட்ரோல் செலவழிக்க வேண்டாம்.