கேள்வி கேட்டது நாலு பேர், பதில் கேட்பது யாரிடம்?

"நெல்லை வண்ணார்பேட்டையில் பைப், மோட்டார் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடைக்குக் கணக்கு வேலைக்காக இன்டர்வியூ போனேன். போன் செய்து கூப்பிட்டது முதலாளியின் மகன். போனால் முதலாளி, கேஷில் இருக்கும் அவர் வீட்டம்மா, குடோன் பார்க்கும் மச்சினர் என்று ஆளுக்கு ஆள் கேள்வி கேட்டார்கள். மகனிடம் சம்பளம் 18,000 எதிர்பார்க்கிறேன் என்றேன். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா 'பதினஞ்சுக்கு வருவியாம்மா?' என்று கேட்க, 'பாத்துக்கலாம்' என்று சொல்லிவிட்டேன். மச்சினர் கேட்ட இ-வே பில் கேள்விக்குத் தடுமாறினேன். 'சொல்லி அனுப்புதோம்' என்றார்கள். ஐந்து நாளாகிறது. அந்த மச்சினருக்கு என் மாமாவை நன்றாகத் தெரியும். நான் யாரிடம் கேட்பது?"
– வாசகி, அம்பாசமுத்திரம்

மகனிடம் கேளுங்கள். உங்களை யார் கூப்பிட்டாரோ, எந்த நம்பரிலிருந்து கூப்பிட்டாரோ, அந்த நம்பருக்கு மட்டும் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள். மற்ற மூன்று பேருக்கும் தனித்தனியாக எதுவும் வேண்டாம்.

குடும்பக் கடையில் நீங்கள் ஒருவருக்கு அனுப்புவது ஒருவரோடு நிற்காது. ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் மகன் போனை அம்மாவிடம் நீட்டுவார், மறுநாள் குடோனில் தன் மாமாவிடம் வாசித்துக் காட்டுவார். ஆகவே நாலு பேரில் யார் படித்தாலும் முகம் சுளிக்காதபடி எழுதுங்கள். வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், அதைக் கடையில் ஸ்பீக்கரில் போடுவார்கள்.

உங்கள் மாமா விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் ஆசை காட்டுவது அதுதான். மச்சினரிடம் மாமா ஒரு வார்த்தை சொன்னால் வேலை கிடைக்கக்கூட செய்யலாம். ஆனால் முதல் நாளிலிருந்தே நீங்கள் 'மச்சினர் வைத்த ஆள்'. கேஷில் இருக்கும் அம்மாவுக்கும் குடோனுக்கும் ஸ்டாக் கணக்கில் வித்தியாசம் வரும்போது, அது எல்லாக் கடையிலும் வரும், நீங்கள் எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். கணக்கு எழுதுகிறவருக்கு அதைவிடச் சங்கடமான இடம் கிடையாது. மாமாவிடம் இப்படிச் சொல்லிவையுங்கள்: அவர்களாக விசாரித்தால் உள்ளதைச் சொல்லுங்கள், நீங்களாகப் போய்ப் பேச வேண்டாம். நம் பக்கம் எப்படியும் விசாரிப்பார்கள். உங்கள் பழைய கடைக்காரரிடமும் 'போன் வரலாம்' என்று சொல்லிவைப்பது நல்லது.

இனி, செய்தியில் என்ன எழுதுவது? அன்றைக்கே அனுப்பியிருந்தால் ஒரு நன்றி போதும். ஐந்து நாள் கழித்து வெறும் நன்றி போனால் நச்சரிப்பதாகத்தான் தெரியும். அதனால் அவர்களுக்குப் பயன்படுகிற ஏதாவது இருக்க வேண்டும். உங்களிடம் அது இரண்டு இருக்கிறது: தடுமாறிய பதில், இரண்டாகப் போன சம்பளம்.

முதலில், சரக்கு வண்டியோடு போக வேண்டிய ஜிஎஸ்டி ஆவணமான இ-வே பில்லை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்கு, வரியும் சேர்த்து 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். அதே லோடு செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்குப் போனால் 50,000 ரூபாயைத் தாண்டினாலே வேண்டும். தென்காசிக்கு அனுப்பும் லோடுக்கும் புனலூருக்கு அனுப்பும் லோடுக்கும் இதுதான் வித்தியாசம். குடோன் பார்ப்பவருக்கு இதைவிட இன்னொரு கவலை இருக்கும்: பில் போட்ட பிறகு வண்டி மாறிவிட்டால் பார்ட்-பி பகுதியில் புது வண்டி நம்பரைப் பதிய வேண்டும். அதை மறந்தால் செக்கிங்கில் நிற்பது அவர் அனுப்பிய லாரி. அவர் உங்களிடம் கேட்டதற்குக் காரணம் அனேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

சம்பளத்துக்கு வருவோம். மகனுக்கு நீங்கள் 18,000 கேட்டவர், அம்மாவுக்கு 15,000-க்குத் தலையாட்டியவர். அவர்கள் இருவரும் பேசிக்கொண்டால் குறைந்த தொகைதான் நிற்கும், கூடவே 'ஆளுக்கு ஒன்று சொல்லுது' என்ற பேரும் வரும். அம்பையிலிருந்து தினம் வந்துபோகும் பஸ் செலவைக் கழித்துப் பார்த்து, இதற்குக் கீழ் முடியாது என்ற ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். கைக்கு வருவது அதுவா, பிடித்தத்துக்கு முன் அதுவா என்பதையும் தெளிவாக எழுதுங்கள். உங்கள் தொகை 16,500 என்று வைத்துக்கொண்டால், செய்தி இப்படி இருக்கலாம்:

"வணக்கம் சார். போன வெள்ளிக்கிழமை கணக்கு வேலைக்காக வந்து பேசினேன், ஊர் அம்பாசமுத்திரம். நேரம் ஒதுக்கிப் பேசிய எல்லாருக்கும் நன்றி. குடோன் சார் கேட்ட இ-வே பில் பற்றி அன்று சரியாகச் சொல்லவில்லை. தமிழ்நாட்டுக்குள் 1 லட்சத்துக்கு மேல், கேரளத்துக்கு 50,000-க்கு மேல் போட வேண்டும். வண்டி மாறினால் நம்பரை மாற்ற வேண்டும். நான் இதுவரை போட்டதில்லை, கற்றுக்கொள்வேன். சம்பளம் உங்களிடம் 18,000 என்றேன். மேடம் கேட்டதை யோசித்துப் பார்த்தேன், கைக்கு 16,500 என்றால் வரச் சம்மதம். 1-ம் தேதியிலிருந்து வர முடியும்."

கீழே உங்கள் பெயர். 'உங்கள் மாமா', 'உங்கள் அம்மா' என்று எழுதாமல் 'குடோன் சார்', 'மேடம்' என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். கடையில் அவர்கள் பார்க்கும் வேலையை வைத்துச் சொன்னால் மரியாதையாக இருக்கும், வீட்டு உறவுக்குள் நாம் நுழைந்த மாதிரி இருக்காது. 'போட்டதில்லை' என்பதை மறைக்கவும் வேண்டாம். முதல் லோடிலேயே தெரிந்துவிடும்.

என் கணிப்பில் இங்கே முடிவு அந்த அம்மா கையில். விலை பேசியவர் அவர், முதலாளி பேசவில்லை. அதற்காக அவரைத் தனியாகப் பிடிக்கப் போகாதீர்கள். கூப்பிட்ட மகனைத் தாண்டிப் போனால் மகனுக்கு முகம் போகும், அவரோடுதான் நீங்கள் தினமும் வேலை பார்க்க வேண்டும்.

எப்போது அனுப்புவது என்பதிலும் கொஞ்சம் சூட்சுமம் உண்டு. மாதாமாதம் ரிட்டர்ன் போடும் கடையென்றால் 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி. இந்தத் தேதிகளுக்கு முந்தின இரண்டு நாள் கணக்குப் பக்கம் யாருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது, தள்ளிப்போடுங்கள். மற்றபடி இன்றே அனுப்பலாம்.

பதில் இல்லையென்றால் மூன்று, நான்கு நாள் விட்டு ஒரே ஒரு போன். காலையில் லோடு ஏறும் நேரம் வேண்டாம், மத்தியானச் சாப்பாட்டு நேரமும் வேண்டாம். 11 மணிக்கு மேல் 12.30-க்குள் சரியாக இருக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் 10.30 முதல் 12 வரை ராகுகாலம். உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, சில முதலாளிகள் அந்த நேரத்தில் நல்ல விஷயம் பேசமாட்டார்கள். போனை வேறு யாராவது எடுத்தால், "மகன் சார் வந்ததும் சொல்லுங்க" என்று பெயரும் ஊரும் சொல்லி வைத்துவிடுங்கள். எடுத்தவரிடம் சம்பளப் பேச்சை ஆரம்பிக்காதீர்கள்.

மகன் எடுத்தால், "வேலை கிடைக்குமா சார்?" என்று கேட்பதைவிட, "எந்தத் தேதிக்கு மேல் நான் கேட்கலாம் சார்?" என்று கேளுங்கள். தேதி சொன்னால் உங்கள் பெயர் இன்னும் பேச்சில் இருக்கிறது. ஆடி மாதத்தில் 'ஆவணி பிறக்கட்டும்' என்றால் அதையும் தேதியாகவே எடுத்துக்கொள்ளலாம், ஆடியில் புது ஆள் சேர்க்காத கடைகள் உண்டு. ஆவணி முதல் வாரத்தில் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். தேதியில்லாமல் மறுபடியும் 'சொல்லி அனுப்புதோம்' என்றால் சரியென்று வைத்துவிட்டு, அடுத்த கடைக்கு விண்ணப்பம் போடுங்கள்.