ஜப்பானிய எழுத்தில் ஆப்பிள் மியூசிக்: கேள்வி பதில்

அண்ணா, கம்பெனி கொடுத்த ஐபோன் முழுக்க ஜப்பானிய மொழிதான், மாற்ற முடியாது. ஆப்பிள் மியூசிக்கில் தரம் குறையாமல் பாட்டு கேட்கும் லாஸ்லெஸ் வசதி எங்கே இருக்கிறது? ஆன் செய்தால் ஏற்கெனவே இறக்கிய பாட்டெல்லாம் தானாக மாறிவிடும்தானே?

設定 திறந்து ミュージック போங்கள். புது ஐஓஎஸ்ஸில் அது アプリ என்பதற்குள் இருக்கும். அதில் オーディオの品質 தொட்டால் முதல் வரி ロスレスオーディオ. அதை ஆன் செய்தபின் கீழே ダウンロード என்று தனி வரி வரும். அங்கேயும் ロスレス தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

பழைய பாட்டுகள் தானாக மாறாது. அழித்துவிட்டு மறுபடி இறக்க வேண்டும். இங்கேதான் கவனம்: பாட்டை அழுத்திப் பிடித்து 削除 தொட்டால் இரண்டு வழி கேட்கும். ダウンロードを削除 என்பது போனில் உள்ள கோப்பை மட்டும் நீக்கும். ライブラリから削除 தொட்டால் நூலகத்திலிருந்தே பாட்டு போய்விடும். நான் ஒருமுறை அவசரத்தில் இரண்டாவதைத் தொட்டு, ஒரு ஆல்பத்தைத் தேடிச் சேர்த்தேன்.

ஊருக்குப் போகும் விமானத்தில் கேட்க 60 பாட்டு. 64 ஜிபி போனில் இடம் போதுமா?

ஆப்பிள் சொல்லும் கணக்குப்படி 3 நிமிடப் பாட்டு 高音質 எனும் வழக்கமான உயர் தரத்தில் 6 எம்பி, லாஸ்லெஸில் 36 எம்பி, ハイレゾロスレス எனும் ஹை-ரெஸ் லாஸ்லெஸ் என்றால் 145 எம்பி. உங்கள் பாட்டுகள் சராசரி 5 நிமிடம் என்றால் முதலாவதில் 600 எம்பி, லாஸ்லெஸில் 3.6 ஜிபி, ஹை-ரெஸ்ஸில் 14 ஜிபிக்கு மேல். காதில் ப்ளூடூத் மாட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால் 高音質 போதும். ப்ளூடூத் வழியாக லாஸ்லெஸ் அப்படியே போகாது, சுருக்கித்தான் அனுப்பும்.

சார், எனக்கு ப்ளூடூத்திலேயே வித்தியாசம் நன்றாகத் தெரிகிறதே?

தெரியலாம். அது லாஸ்லெஸ்ஸாலா, ஒலி அளவு கூடியதாலா, அந்தப் பாட்டின் மாஸ்டரிங்காலா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஒரே பாட்டை வயர் ஹெட்போனில் இரண்டு தரத்திலும், ஒரே ஒலி அளவில் கேட்டுப் பாருங்கள். ஹை-ரெஸ்ஸுக்கு மட்டும் டிஏசி எனும், டிஜிட்டல் ஒலியை ஹெட்போனுக்கு ஏற்றபடி மாற்றும் தனிக் கருவியை வெளியே மாட்ட வேண்டும்.

இறக்கிய பாட்டை பென் டிரைவில் போட்டு காரில் கேட்க எந்த பட்டன், அக்கா?

நான் அண்ணன்தான், பரவாயில்லை. அப்படி ஒரு பட்டன் கிடையாது. கோப்பு பூட்டப்பட்டது, சந்தா நின்றால் ஓடவும் ஓடாது.

பிளேலிஸ்ட்டை மதுரையில் இருக்கும் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பாதிப் பாட்டு கேட்கவில்லை என்கிறார்.

பிளேலிஸ்ட்டின் மூன்று புள்ளியைத் தொட்டு プレイリストを共有 மூலம் நீங்கள் அனுப்புவது இணைப்பு மட்டும்தான். அம்மாவுக்கும் சந்தா இருந்தால்தான் முழுப் பாட்டும் ஓடும். சில பாட்டுகள் மட்டும் சாம்பல் நிறமாக இருந்தால் வேறு காரணம்: உங்கள் கணக்கு ஜப்பான் ஸ்டோர், அவருடையது இந்தியா ஸ்டோர், உரிமை நாட்டுக்கு நாடு மாறும். பெயரைப் போட்டு அங்கேயே தேடச் சொல்லுங்கள், அதே பாட்டு வேறு ஆல்பத்தில் கிடைப்பதுண்டு. ஆனால் எல்லாப் பாட்டும் அப்படிக் கிடைத்துவிடாது.