ஐ.பி.எஸ்., வி.ஏ.: படம் திருத்த எந்தத் திரை?

"ஹட்டனில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணப் படம் திருத்த ஐ.பி.எஸ். நல்லதா, வி.ஏ. நல்லதா?"

இரண்டும் எல்.சி.டி. கணினித் திரை வகைகள்தான். நீங்கள் ஐ.பி.எஸ். வாங்குங்கள். பெண் வீட்டார் பக்கத்தில் நின்று திரையைப் பார்ப்பார்கள், அங்கேதான் வி.ஏ. காலை வாரும்.

வி.ஏ.யில் திரவப் படிக மூலக்கூறுகள் கண்ணாடிக்குச் செங்குத்தாக நின்று பின்னொளியை நன்றாக மறைக்கின்றன. அதனால் கறுப்பு ஆழமாக இருக்கும். வெள்ளைக்கும் கறுப்புக்குமான ஒளி விகிதமான கான்ட்ராஸ்ட் சுமார் 3000:1. சாதாரண ஐ.பி.எஸ்.ஸில் 1000:1 அளவுதான். ஆனால் ஒளியை வெளியே விடுவதற்கு வி.ஏ.யின் மூலக்கூறுகள் சாய வேண்டும். அந்தச் சாய்வு பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு வேறு அளவாகத் தெரியும். நேரே அரக்காகத் தெரியும் கூறைச்சேலையின் மடிப்பு நிழல் அவருக்கு வெளிறிப்போகும். ஐ.பி.எஸ்.ஸில் மூலக்கூறுகள் படுத்தபடியே திரும்புவதால் நிறம் அவ்வளவாக மாறாது.

இன்னொன்று, குளிரில் திரவப் படிகம் மந்தமாகும். மலைநாட்டுக் காலைகளில் வி.ஏ.யின் இருண்ட பகுதிகள் நகரும்போது இழுபடுவது கூடலாம். திரை சூடானதும் குறையும்.

கடையில் கருஞ்சாம்பல் நிறப் படமொன்றைத் திறந்து தலையை மெல்லப் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள். நிழல்கள் வெளுத்தால் அது பெரும்பாலும் வி.ஏ. திரை காட்டக்கூடிய நிறங்களின் வீச்சைப் பெரிதும் தீர்மானிப்பது பின்னொளி என்பதால், sRGB என்ற பொது நிற அளவுகோலில் எத்தனை சதவீதத்தைக் காட்டும் என்றும் கேளுங்கள். இருட்டறையில் படம் பார்க்க மட்டும் என்றால் வி.ஏ.யையே சொல்வேன்.