ஆப்டிட்யூட் தேர்வு: ஃபார்முலா தெரிந்தும் மார்க் ஏன் வரவில்லை?

அக்கா, ஷார்ட்கட் ஃபார்முலா எல்லாம் மனப்பாடம். இன்டர்ன்ஷிப் மாக் டெஸ்டில் பாதிதான் தேறுகிறது. இன்னும் நிறைய ஃபார்முலா படிக்கணுமா?

வேண்டாம். கேள்வி நேராக வந்தால்தான் ஃபார்முலா கைகொடுக்கும். குமார் ஒரு வேலையை 12 நாளில் முடிப்பார், செல்வி 18 நாளில். சேர்ந்து தொடங்குகிறார்கள், 4 நாள் கழித்து குமார் விலகிவிடுகிறார். மீதிக்கு செல்விக்கு எத்தனை நாள்? மனப்பாடக்காரர்கள் இங்கேதான் முழிப்பார்கள்.

மொத்த வேலையை 36 துண்டு என்று வையுங்கள். 12, 18 இரண்டாலும் வகுபடும். குமார் நாளுக்கு 3 துண்டு, செல்வி 2. நாலு நாளில் 20 முடிந்தது, மீதி 16, செல்விக்கு 8 நாள். பின்னமே வரவில்லை பாருங்கள். தொட்டியும் குழாயும் இதே கதைதான். ஓட்டை இருந்தால் கழிக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் பி.காம். ஜாவா தெரியாது. எழுதலாமா?

இங்கே பேசுவது கணக்கும் ரீசனிங்கும். சில கம்பெனிகள் அதோடு கோடிங் பகுதியும் சேர்த்து வைக்கும். அழைப்பு மெயிலில் பகுதிகளின் பட்டியல் இருக்கும், அதைப் பாருங்கள்.

"எல்லா பேனாவும் நீலம். சில நீலப் பொருட்கள் விலை உயர்ந்தவை. ஆகவே சில பேனாக்கள் விலை உயர்ந்தவை." சரி என்று போட்டேன், தப்பு காட்டுகிறது. சைட்டில் பிழைதானே?

சைட் சரிதான். எல்லா இட்லியும் வெள்ளை, சில வெள்ளைப் பொருட்கள் விஷம். சில இட்லிகள் விஷமா? விலை உயர்ந்த நீலப் பொருள் பேனாவாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே. பேனா, நீலம், விலை உயர்ந்தவை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். முடிவு பொய்யாகிற மாதிரி ஒரே ஒரு படம் வரைய முடிந்தாலும் அந்த முடிவு தேறாது.

தெரியாததற்கு குருட்டாம்போக்கில் போடலாமா?

நெகட்டிவ் மார்க் இல்லையென்றால் ஒன்றையும் விடாதீர்கள். சரிக்கு 1, தப்புக்கு கால் மார்க் போகும், நாலு விடைகள் என்று வையுங்கள். 16 கேள்வியைக் குருட்டாம்போக்கில் போட்டால் சராசரியாக 4 சரி, 12 தப்பு. 3 போய் 1 மிஞ்சும். ஒரு விடையையாவது நிச்சயமாகத் தள்ள முடிகிற கேள்வியில் போடுங்கள், கூடுதலாகக் கிடைக்கும்.

முந்தைய கேள்விக்குத் திரும்பவே முடியவில்லை. கட்-ஆஃப் எவ்வளவு இருக்கும்?

கட்-ஆஃபைப் பெரும்பாலும் வெளியே சொல்வதில்லை, இடத்தையும் கூட்டத்தையும் பொறுத்து மாறும். திரும்ப முடியாத தேர்வுகள் உண்டு. சிலவற்றில் உங்கள் பதிலைப் பார்த்துத்தான் அடுத்த கேள்வியின் கடினமே முடிவாகும். "அப்புறம் பார்க்கலாம்" என்பது அங்கே நடக்காது. மாக்கிலும் பின்னால் போகாமல் பழகுங்கள்.

அப்புறம், லேப்டாப்பில் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள். எனக்கு ஒருமுறை அப்டேட் செய்தி குறுக்கே வந்தது, தெரியாமல் அதைத் தொட்டு முழுத்திரை கலைந்துவிட்டது. எச்சரிக்கை வந்ததும் கை நடுங்கி, அடுத்த இரண்டு கேள்வி போச்சு.